பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்?

வீட்டுச் சாமானைக் குறைக்கச் சொல்லும் ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பெரிய புத்தகக் கடைகளில் இப்போது தனித் தட்டே ஒதுக்கியிருக்கிறார்கள். அட்டை பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும், நடுவில் ஒரு செடியோ நாற்காலியோ இருக்கும். பின்னட்டையில் வாழ்க்கையே மாறிவிடும் என்ற வாக்குறுதி. உள்ளே, முதல் ஐம்பது பக்கத்துக்குள், ‘பொருள் குறைந்தால் நிம்மதி கூடும்’ என்பதை நாலைந்து விதமாகச் சொல்லி முடித்திருப்பார்கள். இதை யார் மறுக்கப் போகிறார்கள்? பரணில் மூன்று பழைய மிக்சியை வைத்திருப்பவரும் தலையாட்டுவார். தலையாட்டிவிட்டு, தள்ளுபடி வந்ததும் நாலாவதை வாங்குவார்.

ஆகவே கருத்தை வைத்து இந்தப் புத்தகங்களைத் தரம் பிரிக்க முடியாது. எல்லாவற்றிலும் இருப்பது ஒரே கருத்து. கையைப் பிடித்து எங்கே கூட்டிப்போகின்றன என்பதில்தான் அவை பிரிகின்றன. எந்த அலமாரியை முதலில் திறக்கச் சொல்கிறது, கையில் எடுத்த பொருளை என்ன செய்யச் சொல்கிறது, முக்கியமாக, பாதி வேலையில் வாசலில் யாராவது வந்து நின்றால் வீடு எந்த நிலையில் இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்தையும் விடாமல் கேட்பேன். பல புத்தகங்களின் சாயம் அங்கேதான் வெளுக்கிறது.

முதலில், உலகம் முழுக்க அறியப்பட்ட மாரி கொண்டோவை எடுத்துக்கொள்வோம். இவருடைய ‘தி லைஃப்-சேஞ்சிங் மேஜிக் ஆஃப் டைடியிங் அப்’ ஜப்பானிய மொழியிலிருந்து 2014-இல் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘மனதில் மகிழ்ச்சியைக் கிளப்பாத பொருளை வழியனுப்பிவிடு’ என்பதுதான் ஊரறிந்த வாசகம். அந்த வாசகத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சிரித்தவர்கள் நிறையப் பேர். புத்தகத்தைப் படித்தால் அதற்குக் கீழே ஒரு திட்டமான வேலைமுறை இருப்பது தெரியும். அறை அறையாகப் போகாதே, வகை வகையாகப் போ என்கிறார். துணி முதலில், பிறகு புத்தகங்கள், காகிதங்கள், அதன் பின் சமையலறைச் சாமான் உள்ளிட்ட சில்லறைப் பொருட்கள், கடைசியில் நினைவுப் பொருட்கள். துணி என்றால் வீட்டின் எல்லா மூலையிலும் இருக்கும் உங்கள் துணி முழுவதையும் எடுத்துத் தரையில் ஒரே இடத்தில் குவிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கையில் எடுக்க வேண்டும். கழித்து முடித்த பிறகுதான் எதை எங்கே வைப்பது என்று யோசிக்கலாம்.

குவிப்பதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. பீரோவில், கட்டிலுக்கு அடியில், ஊர்ப் பெட்டியில் என்று பிரிந்து கிடக்கும்போது ஒருவருக்கு எத்தனை சட்டை இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஒரே குவியலாகப் பார்க்கும்போதுதான் நீலச் சட்டையே ஏழு இருப்பது கண்ணில் படும். அதன் பிறகு நான்கை விடுவதற்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்போம். குவித்தாயிற்று, மூன்றில் ஒரு பங்கு பிரித்தாயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை வந்துவிட்டான், அல்லது மாமியாருக்கு மூச்சு வாங்குகிறது, ஆட்டோ கூப்பிட வேண்டும். அன்று ராத்திரி கட்டிலில் படுக்க இடமில்லை. குவியலை வாரி எடுத்துப் பீரோவுக்குள் திணிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. திணித்த பிறகு, ஆரம்பிப்பதற்கு முன்னால் இருந்ததைவிட அது மோசமாக இருக்கும், ஏனென்றால் முன்பு இருந்த அரைகுறை ஒழுங்கும் கலைந்துவிட்டது. கொண்டோவின் முறை முழுதாகச் செய்தால் பலன் தரும், முக்கால் செய்தால் நஷ்டம் தரும். முழுதாக முடிக்க ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும் என்று அவரே சொல்கிறார்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு விஷயம், தன் பாடத்தை முடித்தவர்கள் யாருமே பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று அவர் சொல்லும் இடம். ‘முடித்தவர்கள்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜப்பானில் காசு கொடுத்து ஆலோசகரை வீட்டுக்கு வரவழைத்து, மாதக்கணக்கில் கூடவே உட்கார்ந்து முடித்தவர்கள் அவர்கள். நடுவில் விட்டவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். புத்தகத்தை மட்டும் வாங்கித் தனியாகச் செய்து பார்த்தவர்களும் வரமாட்டார்கள். நீங்களும் நானும் அந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். வெற்றிக் கணக்கைப் பெருமையாகச் சொல்லும் எந்தப் புத்தகத்திலும், அதில் யாரைச் சேர்த்திருக்கிறார்கள், யாரை விட்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது. மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு, வீட்டை ஒழுங்காக வைப்பதைத் தானே ஓரளவு கைவிட்டுவிட்டதாக கொண்டோ 2023 ஜனவரியில் சொன்னார். பத்திரிகைகள் அதைக் கேலிச் செய்தியாக்கின. எனக்கு அது கேலியாகப் படவில்லை. அவருடைய முறைக்கு எவ்வளவு நேரமும் தனிமையும் வேண்டும் என்பதற்கு அவர் வாயாலேயே வந்த சாட்சி அது.

மகிழ்ச்சிக் கேள்விக்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் அவரே எழுதியிருக்கிறார். ‘ஸ்பார்க் ஜாய்’ என்ற அடுத்த புத்தகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. மகிழ்ச்சி தரவில்லை என்று ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிப் போட்டுவிட்டார். பிறகு ஒரு ஆணியைத் திருகத் தனக்குப் பிடித்தமான அளவுகோலைப் பயன்படுத்தினார், அது நடுவில் முறிந்துபோனது. அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம், உபயோகமான பொருள் நம் வாழ்க்கையைச் சுலபமாக்குகிறது, ஆகவே அதுவும் ஒரு வகையில் மகிழ்ச்சிதான் என்பது. சரிதான். ஆனால் இப்படி நீட்டினால் குக்கர், இடுக்கி, கோணி ஊசி எல்லாமே மகிழ்ச்சிப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு எதைக் கழிப்பது? சமையலறைக்கு வந்ததும் அந்தக் கேள்விக்கு வேலை குறைந்துவிடுகிறது.

சமையலறைக்குப் பொருந்துகிற புத்தகம் வேறு ஒருவரிடமிருந்து வந்தது. டானா கே. வைட், அமெரிக்காவில் டெக்சாஸ்காரர். 2018-இல் ‘டிக்ளட்டரிங் அட் தி ஸ்பீட் ஆஃப் லைஃப்’ எழுதினார். கொண்டோ ஐந்து வயதிலேயே இல்லத்தரசிகளுக்கான பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒழுங்கு அவருக்கு இயல்பு. வைட் பிறவி அலங்கோலக்காரர், அதை மறைக்காமல் எழுதுகிறவர். எனக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படுகிறது. இயல்பிலேயே ஒழுங்கானவருக்கு, மற்றவர்கள் எந்தப் படியில் வழுக்கி விழுகிறார்கள் என்பது தெரியாமலே போகலாம். விழுந்து எழுந்தவருக்கு ஒவ்வொரு படியும் தெரியும்.

வைட் எதையும் வெளியே குவிக்க விடுவதில்லை. ஒரு குப்பைப் பை, கொடுத்துவிடும் பொருட்களுக்கு ஓர் அட்டைப்பெட்டி, பிறகு உங்கள் இரண்டு கால்கள். இவ்வளவுதான் கருவி. ‘வைத்துக்கொள்ளும் பெட்டி’ என்று மூன்றாவது ஒன்று கிடையவே கிடையாது. ஏனென்றால் அந்தப் பெட்டிதான் அடுத்த தீபாவளி வரை ஹாலில் நிற்கும். வைத்துக்கொள்ளும் பொருளை அதன் இடத்துக்கு அந்த நிமிடமே நடந்து போய் வைத்துவிட வேண்டும். இதனால் எந்த நிமிடத்தில் நிறுத்தினாலும் நிறுத்திய இடம் வரை வேலை முடிந்திருக்கும். எடுத்து வைத்தது எதுவும் நடுவீட்டில் கிடக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதைச் செய்ததைச் சொல்கிறேன். அம்மாவும் கல்யாணமான மகளும். அடுப்பு மேடைக்கு மேலே இரண்டு தட்டு உள்ள ஓர் அலமாரி. அதில் டப்பாக்கள். திறந்தால் ஏதாவது ஒன்று தலையில் விழும்.

முதல் படி குப்பை மட்டும். இதில் யோசனைக்கே இடமில்லை. கீறல் விட்ட ஐஸ்கிரீம் டப்பா, ஊறிப்போன குக்கர் கேஸ்கெட், பொட்டலத்தோடு கட்டியாகிப் போன ஏதோ ஒரு மசாலா, கடையில் கொடுத்த சின்னச் சின்ன ஊறுகாய்ப் பாக்கெட்டுகள். கால் மணி நேரத்தில் பை பாதி நிறைந்தது, தட்டில் தரை தெரிந்தது. இந்தப் படியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மனசு எதையும் முடிவு செய்யாமலே கண்ணுக்கு ஒரு பலன் தெரிந்துவிடுகிறது, கை சுறுசுறுப்பாகிறது.

இரண்டாவது படி, வேறு இடம் உள்ள பொருள்கள். டார்ச், கத்தரிக்கோல், கேஸ் புத்தகம். ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நடையில் போகலாமே என்று மகள் கேட்டாள். போகலாம்தான், ஆனால் சேர்த்து வைத்த குவியல் மேடைமேல் இருக்கும்போது பால்காரர் வந்துவிட்டால் அது மேடைமேலேயே தங்கிவிடும். மூன்றாவது படி, பார்த்தவுடனே போகட்டும் என்று தோன்றுபவை. மூன்று டீ வடிகட்டியில் இரண்டு அப்படிப் போயின.

அதற்கு மேல்தான் உண்மையான சிக்கல். எல்லாமே நல்ல பொருள், எல்லாமே உபயோகப்படக்கூடிய பொருள். இந்த இடத்தில் வைட் இரண்டு கேள்வி வைக்கிறார். இது எனக்கு வேண்டும் என்றால் முதலில் எங்கே போய்த் தேடுவேன்? பதில் வந்தால், அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்கே வைப்பது உசிதம் என்பது கேள்வியல்ல, கால் தானாக எங்கே போகும் என்பதுதான் கேள்வி. பதில் வராவிட்டால் இரண்டாவது கேள்வி. இப்படி ஒன்று நம்மிடம் இருக்கிறது என்பதே அப்போது எனக்கு ஞாபகம் வருமா? அலமாரியின் பின்வரிசையில் அட்டைப்பெட்டி பிரிக்காத ஓர் எலுமிச்சை பிழியும் கருவி இருந்தது. போன மாதம்தான் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார்கள். இது இருப்பதே தெரியாமல் வாங்கியது.

“புதுசுடீ, பெட்டிகூடப் பிரிக்கலை” என்றார் அம்மா.

“அதாம்மா நானும் சொல்றேன். இருக்குறதே தெரியலைன்னா, இருந்து என்ன?”

அது கொடுக்கும் பெட்டிக்குப் போனது. கொஞ்சம் முணுமுணுப்போடுதான்.

கடைசிப் படியைத்தான் இந்தப் புத்தகத்தின் உயிர்நாடி என்பேன். அலமாரியைச் சாமான் வைக்கும் இடமாகப் பார்க்காதே, அளவு சொல்லும் படியாகப் பார் என்கிறார். படி கொள்ளும் அளவுதான் அரிசி. இரண்டு தட்டில் எவ்வளவு கொள்கிறதோ அவ்வளவு டப்பா. தினமும் கைபடும் பாத்திரங்களை முதலில் அடுக்க வேண்டும், பிறகு மூடி பொருந்தும் எவர்சில்வர் டப்பாக்கள், அப்புறம் அடுத்தவை. இடம் தீர்ந்ததும் வெளியே நிற்பவைதான் அதிகப்படி. அதை யார் முடிவு செய்தார்கள்? அலமாரி முடிவு செய்தது.

வெளியே நின்றவற்றில் பெயர் வெட்டிய ஒரு சம்புடம் இருந்தது, அம்மாவின் கல்யாணத்துக்குச் சித்தி கொடுத்தது. ‘இது மனதுக்கு மகிழ்ச்சி தருகிறதா?’ என்று கேட்டிருந்தால் கண் கலங்கி, கதை சொல்லி, அன்றைய வேலை அதோடு நின்றிருக்கும். வைட்டின் கேள்வி அப்படி வரவில்லை. இதை உள்ளே வைக்க வேண்டும் என்றால் உள்ளே இருப்பதில் எதை வெளியே எடுப்பீர்கள், அவ்வளவுதான். அம்மா யோசிக்கவே இல்லை. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை வெளியே எடுத்துவிட்டுச் சம்புடத்தை உள்ளே வைத்தார். சித்தி தங்கினார், பிளாஸ்டிக் போனது. ஒரு பொருளைத் தனியாக வைத்து ‘வேண்டுமா வேண்டாமா’ என்று தீர்ப்புச் சொல்வது யாருக்குமே கஷ்டம். இரண்டைப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்வது சுலபம். கடினமான கேள்வியைச் சுலபமான கேள்வியாக மாற்றிக் கொடுப்பதுதான் நல்ல வேலைமுறைக்கு அடையாளம்.

பார்சல் வரும் கறுப்பு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்களுக்கும் இதே கணக்குத்தான். ‘இனி சேர்க்கவே கூடாது’ என்று சபதம் போட்டால் ஒரு வாரம் தாங்காது, ஏனென்றால் ஊறுகாய் கொடுத்தனுப்ப அவை வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு கம்பிக்கூடை, அது நிறைந்தால் புதிதாக வருவது குப்பைக்கு. அந்த வீட்டில் இப்போதும் இது நடக்கிறது.

வைட்டின் புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. ஒரே விஷயத்தை ஒவ்வோர் அறைக்கும் திரும்பச் சொல்லிப் பக்கத்தை நிரப்பியிருக்கிறார், நகைச்சுவை சில இடத்தில் இழுவையாக இருக்கிறது. அதைவிடப் பெரிய எல்லை ஒன்றும் உண்டு. அலமாரிதான் அளவு என்பது அலமாரி போதுமான வீட்டுக்குச் சரி. ஒற்றை அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் இடத்தில் தேவையான பொருளே அலமாரிக்கு மிஞ்சும். டெக்சாஸ் வீட்டுக்காரருக்கு அந்தச் சந்தேகம் வர வாய்ப்பில்லை.

முடிவுக்கு வராமல் கையிலேயே நிற்கும் பொருளைப் பற்றி ஒரு புத்தகம் என்ன சொல்கிறது என்பது எனக்கு அடுத்த உரைகல். ‘எதுக்காவது ஆகும்’ என்று நாம் எடுத்து வைக்கிறோமே, அதைப் பற்றி. ‘தி மினிமலிஸ்ட்ஸ்’ என்ற பெயரில் எழுதும் ஜோஷுவா ஃபீல்ட்ஸ் மில்பர்ன், ரயன் நிகோடெமஸ் என்ற இரு அமெரிக்க நண்பர்கள் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 20 டாலருக்குள், 20 நிமிடத்துக்குள் திரும்ப வாங்கிவிட முடியும் என்றால் அந்தப் பொருளைத் தயங்காமல் விடலாம். வாசகம் போல ஒலித்தாலும் இது செய்து பார்க்கக்கூடிய விதி. பொத்தாம்பொதுவான பயத்துக்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டுகிறது.

ஆனால் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வோம். 20 டாலர் இன்று நம் பணத்தில் 1,700 ரூபாய்க்குக் குறையாது. பல வீடுகளில் அது ஒரு வார மளிகை. வீட்டில் யாரையும் கேட்காமல், மறுபடி யோசிக்காமல் நீங்கள் செலவு செய்யக்கூடிய தொகை எதுவோ அதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு அது ஐம்பது ரூபாய், இன்னொருவருக்கு ஐந்நூறு. நேரக் கணக்கில் மட்டும் நாம் கொடுத்துவைத்தவர்கள். அமெரிக்கப் புறநகரில் ஒரு திருகாணி வாங்கவும் கார் எடுக்க வேண்டியிருக்கும். இங்கே தெருமுனையில் ஹார்டுவேர் கடை, அதற்கு எதிரே ஃபேன்ஸி ஸ்டோர். உபரி பிளக், ரப்பர் பேண்டு, ஜாக்கெட் கொக்கி, பிளாஸ்டிக் பை ஆகியவற்றை நாம் டிராயர் டிராயராகச் சேர்த்து வைக்கத் தேவையே இல்லை, கடைக்காரர் நமக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

இதே நிகோடெமஸ் செய்த பிரபலமான சோதனை ஒன்று உண்டு. வீடு மாறுவதுபோல் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவிட்டு, தேவைப்படும்போது மட்டும் பிரித்து எடுத்தார். மூன்று வாரம் கழித்து 80 சதவீதம் பெட்டியிலேயே இருந்தது, அதையெல்லாம் விட்டுவிட்டார். படிக்க அபாரமாக இருக்கிறது. நல்ல சம்பளம், ஒஹையோவில் சொந்தமாக ஒரு குடியிருப்பு, தனி ஆள். இதையே நாலு பேர் உள்ள வீட்டில் ஆகஸ்டில் செய்தால் பொங்கல் பானையும் கொலுப் படியும் 80 சதவீதத்தில் சேர்ந்துவிடும். மூன்று வாரம் எதை அளக்கிறது? அன்றாட உபயோகத்தை அளக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வேண்டியதும் ஒருபோதும் வேண்டாததும் அந்த அளவுகோலில் ஒன்றாகவே தெரியும்.

‘குட்பை, திங்ஸ்’ எழுதிய ஃபுமியோ சசாகியும் தனி ஆள்தான். டோக்கியோவில் 20 சதுர மீட்டர் அறையில் இருந்தவர். எழுத்து சுவாரசியமானது, பொருள் நம்மை எப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்பதைச் சொல்வதில் அவருக்கு நிகர் குறைவு. ஆனால் யாரையும் கேட்காமல் எதையும் வெளியேற்றும் உரிமை அவருக்கு இருந்தது. நம் வீடுகளில் ஒரு பித்தளை அண்டா யாருடையது என்பதே தெளிவாகச் சொல்ல முடியாத விஷயம். மாமியார் கொண்டுவந்தது, மாமனார் ஈயம் பூசியது, மூத்த நாத்தனார் ‘எனக்கு வேணும்’ என்று வாயால் சொல்லி வைத்திருப்பது. இந்த விஷயத்தில் கொண்டோ நேர்மையானவர். சின்ன வயதில் வீட்டாரின் பொருளைத் திருட்டுத்தனமாக எறிந்து திட்டு வாங்கியதையும், பிறகு ‘உன் பொருளை மட்டும் தொடு’ என்ற முடிவுக்கு வந்ததையும் எழுதியிருக்கிறார். ஒரு புத்தகத்தைக் கடையில் புரட்டும்போது அடுத்தவர் பொருளைப் பற்றிய பக்கத்தைத் தேடிப் படியுங்கள். அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால் அது தனியாக வாழ்பவர் தனியாக வாழ்பவருக்கு எழுதியது.

வெளியே எடுத்த பெட்டி எங்கே போகும் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புத்தகங்களில் இது ஒரே வரி, காரில் ஏற்றி நன்கொடைக் கடையில் இறக்கிவிடு என்பார்கள். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. பேப்பரும் இரும்பும் காயலான் கடைக்கு, பித்தளை எடைக்கு, போடக்கூடிய துணி வீட்டு வேலைக்கு வருபவரிடம் கேட்டுவிட்டு. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வந்தால் மட்டும் ஜாக்கிரதை. ஆறு பட்டுச் சேலை வெளியே போகும், ஒரு பிளாஸ்டிக் டப் உள்ளே வரும், அதை வைக்க இடம் தேட வேண்டும். ஆகவே கழிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே யாரிடம் என்று முடிவு செய்துவிடுவது உத்தமம். இல்லாவிட்டால் அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போகும், ஒரு மாதத்தில் ஒவ்வொரு பொருளாக எழுந்து பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இத்தனை வேறுபாட்டுக்கு நடுவிலும் இவர்கள் ஒத்துப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. கொண்டோ நினைவுப் பொருளைக் கடைசியில் வைக்கிறார். ‘தி ஜென்டில் ஆர்ட் ஆஃப் ஸ்வீடிஷ் டெத் கிளீனிங்’ எழுதிய மார்கரெட்டா மாக்னுசன், வயதானவர்கள் தாங்கள் போன பிறகு பிள்ளைகளுக்குப் பாரம் இல்லாமல் வீட்டை ஒழித்து வைப்பதைப் பற்றிப் பேசுபவர். அவரும் பெரிய சாமானில் தொடங்கு, போட்டோவும் கடிதமும் கடைசியில் என்கிறார். வைட் குப்பையில் தொடங்கச் சொல்வதும் இதே திசைதான். ஜப்பானில் இளம்பெண், ஸ்வீடனில் மூதாட்டி, டெக்சாஸில் மூன்று பிள்ளைகளின் தாய் மூவரும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்றால் அந்த அறிவுரையை நம்பலாம். ஆல்பத்தைத் திறந்தவர்கள் அன்று வேறு எதையும் திறக்கமாட்டார்கள், அனுபவத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எந்தப் புத்தகத்தாலும் ஆகாத நிலை ஒன்றும் இருக்கிறது. கட்டிலில் படுக்க முடியாது, அடுப்பைப் பற்றவைக்க இடமில்லை, பழைய செய்தித்தாளை விடச் சொன்னாலும் உடம்பே பதறுகிறது என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வழிகாட்டி நூல் 2013 பதிப்பில் இதைத் தனி நோயாகவே சேர்த்துவிட்டது. வீட்டார் ஆள் வைத்து ஒரே நாளில் அள்ளிக் கொட்டினால் வீடு மறுபடி நிறையும், உறவு மட்டும் முறியும். அவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவர். அப்படிப்பட்டவருக்குப் பிறந்தநாள் பரிசாக வெள்ளை அட்டைப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை இப்படிப் போகும். துணி பீரோவுக்கு, அதுவும் முழு நாள் ஒன்றை ஒதுக்க முடிந்தவருக்கு, கொண்டோ. குழந்தை உள்ள வீட்டுக்கும் சமையலறைக்கும் வைட். பெற்றோரின் வீட்டைக் காலி செய்ய வேண்டியவருக்கு மாக்னுசன், அது சின்னப் புத்தகம், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். சசாகியைப் படித்து ரசிக்கலாம். நூலகத்தில் கிடைத்தால் இரவல் வாங்குங்கள், ஒரே ஒரு டிராயரில் அரை மணி நேரம் செய்து பாருங்கள், பலித்தால் பிறகு வாங்கலாம். பெட்டியும் கூடையும் வாங்கச் சொல்லும் புத்தகத்தை உடனே மூடிவிடலாம். கொண்டோ தன் முதல் புத்தகத்தில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியே போதும் என்றுதான் சொன்னார். 2019 இறுதியில் அவருடைய நிறுவனமே இணையக் கடை திறந்தது வேறு கதை.

ஒரு பக்கத்தை மட்டும் நாட்டுக்குத் தக்க மாற்றிப் படிக்க வேண்டும், காகிதங்களைப் பற்றிய பக்கம். காகிதம் எல்லாவற்றையும் எறிவதுதான் கொண்டோவின் அடிப்படை விதி. இப்போது பயன்பாட்டில் இருப்பது, கொஞ்ச காலத்துக்கு வேண்டியது, என்றைக்கும் வேண்டியது என்ற மூன்றுக்கு மட்டும் விலக்கு. விதி நல்லதுதான், மின்கட்டண ரசீது, வாஷிங் மெஷின் கையேடு, பிள்ளையின் மூன்றாம் வகுப்பு மாதத் தேர்வுத்தாள் என்று முக்கால்வாசி போய்விடும். ஆனால் நம் ஊரில் மூன்றாம் வகை அவர் நினைப்பதைவிட நீளம். வீட்டுக்கு மூலப்பத்திரம், அதற்கு முந்தைய பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். இவற்றில் சில முப்பது வருஷமாக யார் கையும் படாமல் கிடக்கும். மகிழ்ச்சியும் தராது, மூன்று வாரச் சோதனையிலும் தோற்கும். வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால், வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். பெயரில் எழுத்துப்பிழை உள்ள பழைய ரேஷன் கார்டைக்கூட, புதியதில் பிழை திருத்தி முடியும் வரை விடாதீர்கள். ஒரு கோப்பு, மேலே பட்டியல், உள்ளே அசல், வேறு ஒரு வீட்டில் நகல். அந்தக் கோப்பைத் தனியே எடுத்து வைத்த பிறகு கொண்டோ சொன்னபடி மீதிக் காகிதத்தைக் கழிக்க ஆரம்பிக்கலாம்.